கனமாக வார்த்த ஆடவல்லான்: 124 பங்கும் ஒரே ஊற்றும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் விவரம் வரிசையாக வருகிறது. ஒவ்வொரு திருமேனியையும் கோயிலில் இருந்த முழக்கோலால் அளந்து முழம், விரல், தோரை என்று உயரம் எழுதியிருக்கிறார்கள். எட்டுத் தோரை ஒரு விரல். இருபத்துநான்கு விரல் ஒரு முழம். பாதத்திலிருந்து முடிவரை உயரம், எத்தனை கை, பீடம் எவ்வளவு, சுற்றி நிற்கும் பிரபை என்ற திருவாசி எவ்வளவு என்பதோடு இன்னொரு குறிப்பும் உண்டு: திருமேனி ‘கனமாக’ச் செய்ததா, ‘பொள்ளலாக’ச் செய்ததா என்பது. கனம் என்றால் உள்ளே முழுக்க உலோகம். பொள்ளல் என்றால் உள்ளே கூடு.

வார்ப்புத் தொழில் தெரிந்தவருக்கு அந்த ஒரு சொல்லே நிறையச் சொல்லிவிடும். சாத்திரம் சொல்லும் உருவத்தைப் பொள்ளலாக வார்ப்பதும் கனமாக வார்ப்பதும் ஒரே வேலை அல்ல. அதிலும் நான்கு கையும் வீசி ஒரு காலைத் தூக்கி ஆடும் உருவத்தைக் கனமாக வார்ப்பது, மெழுகு வார்ப்பில் எதிர்ப்படக்கூடிய எல்லாத் தொல்லைகளையும் ஒன்றாக வரவழைத்துக்கொள்வது. உறுப்புகளின் அளவைப் பங்கிட்டுச் சொல்லும் தாலமானக் கணக்கு எங்கே உலோகம் தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அதை மாற்ற வார்ப்பவருக்கு உரிமை இல்லை. அவருக்கு மிஞ்சியிருப்பது உலோகம் போகும் வழியும் சூடும் நேரமும்தான். எனவே நடராசரான ஆடவல்லான் திருமேனி ஒன்றைக் கணக்கோடு தொடர்ந்து பார்ப்போம்.

அளவு

சிவனுக்கு உரியது உத்தம தசதாலம். ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலம். பத்துத் தாலம் 120. உத்தமத்துக்கு நான்கு கூட்டி 124. தேவிக்கு மத்திம தசதாலம், அதாவது 120. இங்கே அங்குலம் என்பது கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்தத் திருமேனியின் உயரத்தையே 124 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. இதைத் தேகலப்த அங்குலம் என்பார்கள். சடைமகுடம் இந்தக் கணக்கில் சேராது; உச்சந்தலையோடு கணக்கு முடிந்துவிடும்.

கணக்குக்கு வசதியாக உயரம் 62 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அங்குலம் 5 மில்லிமீட்டர். உச்சியிலிருந்து மயிர்க்கோடு வரை 4 அங்குலம், முகம் 13½, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து உந்தி 13½, உந்தியிலிருந்து குறிமூலம் 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டினால் 124. மேலிருந்து குறிமூலம் வரை சரியாக 62, அதாவது பாதி. சரிபார்க்கும் போது முதலில் இந்த நடுப்புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். அது பிசகினால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. முகம் நமது திருமேனியில் 6.75 சென்டிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள கையும் ஏறக்குறைய அதே நீளம்.

இன்றும் திருமேனி வார்க்கும் சுவாமிமலையில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு வேலை செய்வது குறைவு. தென்னங்கீற்றைத் திருமேனி உயரத்துக்கு நறுக்கி, மேற்சொன்ன பங்குகளுக்கு ஏற்ப மடித்து அடையாளம் செய்துகொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். மெழுகு உருவத்தின் பக்கத்தில் ஓலையை வைத்தால் எந்த உறுப்பு எங்கே முடிய வேண்டும் என்று தெரிந்துவிடும். உயரம் மாறினால் புதிய ஓலை. மடிக்கும் முறை மாறாது.

ஆடும் உருவத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடங்கியிருக்கிறது, இடக்கால் குறுக்கே வீசியிருக்கிறது. தரையிலிருந்து உச்சிவரை நேராக அளந்தால் 124 வராது, சில அங்குலம் குறையும். ஆகவே ஓலையை உறுப்பின் போக்கிலேயே வைத்து அளக்க வேண்டும்: தொடை தன் சரிவில் 27, கணைக்கால் தன் சரிவில் 27. நிலை சரியா என்பதற்குச் சூத்திரம், அதாவது தூக்குநூல். தலை நடுவிலிருந்து தொங்கவிட்ட நூல் ஊன்றிய பாதத்தின் மேல் விழ வேண்டும். நூல் வெளியே விழுந்தால் பார்வைக்கு உருவம் சாய்வது போல இருக்கும். வார்த்த பின்போ எடை முழுவதும் கணுக்காலை ஒரு பக்கமாக வளைக்கும்.

காலடியில் கிடக்கும் முயலகனுக்கு வேறு தாலம். குறள் உரு என்பதால் நால்தாலக் கணக்கு, முழு உயரத்தில் தலைக்கே ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரே பீடத்தில் இரண்டு உருவங்களும் வெவ்வேறு அலகில் நடக்கின்றன. ஒரே ஓலையை இரண்டுக்கும் வைத்தால் முயலகன் சிறுத்துப்போன மனிதனைப் போலத்தான் வருவான், பூதமாக வரமாட்டான். பிற்காலத் திருமேனிகள் சிலவற்றில் இந்தக் குறை உண்டு.

மெழுகு

தேன்மெழுகும் குங்கிலியப் பொடியும் ஏறக்குறைய சம எடை; பதத்துக்குச் சிறிது எண்ணெய். இன்று ஊற்றுவது பெரும்பாலும் கடலை எண்ணெய். வேர்க்கடலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர் என்பதால் சோழர் பட்டறையில் அந்த இடத்தில் வேறு எண்ணெய்தான் இருந்திருக்கும். ‘ஆயிரம் ஆண்டுகளாக ஒரே கலவை’ என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். குங்கிலியம் மிகுந்தால் மெழுகு விறைப்பாக நிற்கும், ஆனால் விரல் நுனி தட்டினால் ஒடியும். குறைந்தால் கோடை மதியத்தில் நீட்டிய கை தானாகத் தொய்யும். தொய்வு இரண்டு மில்லிமீட்டர்தான் என்றாலும் நமது கணக்கில் அது அரை அங்குலத்தை நெருங்குகிறது. அதனால் வேலை நடக்காத நேரத்தில் மெழுகு உறுப்புகள் குளிர்ந்த நீரில் கிடக்கும்.

தலை, உடல், கைகள், கால்கள் தனித்தனியே உருவாகிச் சூட்டுக்கோலால் ஒட்டப்படும். நகைகள் மெழுகு நூலாகத் திரித்து மேலே பதியும். சோழர் காலத் திருமேனிகளில் பூணூலின் புரியும் ஆரத்தின் மணியும் மெழுகிலேயே முடிந்தவை. வார்த்த பிறகு உளி தொட்டது மிகக் குறைவு. விளிம்புகள் உருண்டு மென்மையாக இருப்பதால் இதைக் கண்ணாலேயே அறியலாம். உளியால் வெட்டிய கோடு கூர்மையான விளிம்போடு நிற்கும். இன்றைய வேலையில் உளிக்குப் பெரும்பங்கு வந்துவிட்டது.

உருவம் முடிந்ததும் சாத்திரத்தில் இடமில்லாத ஒரு வேலை தொடங்குகிறது. தூக்கிய காலுக்கும் உடலுக்கும் நடுவே, பின்கைக்கும் தோளுக்கும் நடுவே மெழுகுக் குச்சிகள் ஒட்டப்படும். இவை இரண்டு வேலை செய்கின்றன. மண் பூசும்போது கையை அசையாமல் பிடிக்கின்றன. பிறகு உலோகம் அந்த உறுப்புக்கு இன்னொரு வழியாகவும் வந்து சேர உதவுகின்றன. உடுக்கை ஏந்திய விரல்கள் ஐந்து மில்லிமீட்டர் பருமன்தான். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று சுற்றி வரும் உலோகம் அங்கே போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும். குச்சி வழியாக நேரே போனால் சேரும். முதன்மை வாய்க்கால்களும் புனல் போன்ற வாயும் பின்புறத்திலும் பீடத்துப் பக்கத்திலும் இருக்கும், வெட்டிய தழும்பு முகத்திலோ மார்பிலோ விழாதபடி.

மண் பூசுவதற்கு முன் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட வேண்டும். உலோகக் கணக்கு இதிலிருந்துதான். நமது திருமேனி, முயலகன், பத்மபீடம் சேர்ந்து 6 கிலோ, குச்சிகளும் வாயும் 1 கிலோ என்று கொள்வோம். இந்த மெழுகின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது. வெண்கலத்தின் அடர்த்தி அதைப் போல் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஏழு கிலோ மெழுகின் இடத்தை நிரப்ப 62 கிலோ உலோகம் வேண்டும். உருக்கும்போது கசடாகப் போவதும் வாயில் மேலே நிற்க வேண்டியதும் சேர்த்தால் 70. மெழுகைப் போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வது இதனால்தான்.

கனமாக வார்ப்பதன் விலையும் இங்கேதான் தெரிகிறது. உயரம் இரண்டு மடங்கானால் உலோகம் எட்டு மடங்கு, 560 கிலோ. அப்படியும் உற்சவத் திருமேனியைக் கனமாகவே வேண்டினார்கள். ஆண்டாண்டாக அபிஷேகமும் தேய்ப்பும் காணும் உருவம் அது. கூடாக வார்த்தால் உள்ளே மண்கருவை நிறுத்தத் துளைத்த ஆணிகளும் மெல்லிய சுவரும் என்றைக்காவது துளையாகிவிடும்.

மண்

முதல் பூச்சு காவிரி வண்டல். சலித்து, உமிக்கரியை மாவாக அரைத்துச் சேர்த்து, மோர்ப் பதத்தில் மெழுகின் மேல் பூசுவார்கள். மூன்று மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும், ஆனால் மெழுகில் இருந்த ஒவ்வொரு கோட்டையும் இந்தப் பூச்சுதான் உலோகத்துக்குக் கொடுக்கப்போகிறது. கரி சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் வண்டல் காயும்போது சுருங்கி வெடிக்கும். கரி அந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது, காற்று வெளியேற நுண்துளையும் விடுகிறது. நகைக் குழியில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அதுவே உலோகத்தில் ஒரு மணியாகி நிற்கும். கழுத்தணிக்கு அருகே ஒழுங்கில்லாத சிறு உருண்டை தெரிந்தால் அது இந்தக் குமிழியின் அச்சு.

முதல் பூச்சு நிழலில் காய்ந்த பின் அதே மண்ணில் இரண்டாவது. அதன்மேல் வயல்மண்ணும் மணலும் கலந்த கரடான பூச்சு. பெரிய உருவங்களுக்கு இரும்புக் கம்பி கட்டு. வெயிலில் காயவைக்கக் கூடாது. மெழுகு மண்ணைவிட வேகமாக விரிந்து உள்ளிருந்தே பூச்சைப் பிளக்கும். அந்தப் பிளவு வெளியே தெரியாது. ஊற்றி உடைத்த பிறகு தொடை ஓரத்திலோ கை ஓரத்திலோ மெல்லிய தகடு போல உலோகம் நீட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும்.

ஊற்று

மண் பூசிக் காய்ந்த அச்சுக்கும் கரு என்றே பெயர். இந்தக் கருவை வரட்டி நெருப்பில் வாய் கீழாகச் சாய்த்தால் மெழுகு ஒழுகி வெளியேறும். அதைப் பிடித்து வைப்பார்கள், திரும்பப் பயன்படும். ஒழுகியது போதாது. மண்ணில் ஊறிய மெழுகும் எரிந்து போகும்வரை, கரு உள்வாய் சிவக்கும்வரை சூடேற வேண்டும். பின் வாய் மேலாகக் குழியில் நிறுத்திச் சுற்றிலும் காய்ந்த மண்ணை இறுக்குவார்கள்; எழுபது கிலோ உருகிய உலோகத்தின் அழுத்தத்தைச் சுட்ட மண் மட்டும் தாங்காது.

சோழர் திருமேனிகளின் பகுப்பாய்வுகள் காட்டுவது ஈயம் கலந்த வெண்கலம்: பெரும்பகுதி செம்பு, தகரமும் ஈயமும் சில விழுக்காடுகள். இன்றைய பட்டறையில் தகரத்தின் இடத்தைப் பித்தளை பிடித்திருக்கிறது. பொன்னும் வெள்ளியும் சம்பிரதாயத்துக்கு ஒரு துளி. வார்ப்பில் அவற்றால் ஒரு வேறுபாடும் இல்லை. தகரம் உருகுநிலையை இறக்குகிறது. செம்பு 1,085 பாகை செல்சியஸில் உருகும். இந்தக் கலவை ஆயிரம் பாகையை ஒட்டியே முழுக்க உருகிவிடும். தகரம் மிகுந்தால் உலோகம் கடினப்பட்டு நொறுங்கும். ஈயம் ஓட்டத்தைக் கூட்டுகிறது, ஆனால் செம்பில் கரைவதில்லை. உறைந்த பின்னும் சிறு துளிகளாகவே தங்கும். அளவு மீறினால், மெதுவாக உறையும் தடித்த பகுதியில் கீழே இறங்கித் தேங்கும். கனமான உருவத்தில் தடித்த பகுதிக்குப் பஞ்சமில்லை.

கருவின் சூடும் உருக்கும் குடுவையான மூசையில் உள்ள உலோகமும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வர வேண்டும். கரு முந்திக்கொண்டு ஆறினால் விரல்கள் விழாது. உலோகம் அளவுக்கு மேல் சூடானால் வாயுவை வாங்கிக்கொண்டு உறையும்போது கக்கும். மேற்பரப்பு முழுக்க ஊசித் துளைகள். ஊற்று நடுவில் அறவே நிற்கக் கூடாது. ஒரு மூசை முடிந்து அடுத்தது வர இடைவெளி விழுந்தால் முதல் உலோகத்தின் மேல் மெல்லிய ஏடு படியும், அடுத்தது அதோடு ஒட்டாது. உடம்பைச் சுற்றி மெல்லிய மடிப்புக் கோடாக அது தெரியும். பார்வைக்குக் கீறல் போல இருந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும். உலோகம் வாய்க்கு மேல் தளும்பி நின்றால் உள்ளே நிரம்பியது என்று பொருள். கருவில் ஈரம் மிஞ்சியிருந்தால் இவை எதையும் பார்க்க நேரமிருக்காது: நீராவி உலோகத்தை வாய் வழியே எறியும்.

உறையும்போது

கனமான வார்ப்பின் உண்மையான சோதனை ஊற்றி முடித்த பின்தான். வெண்கலம் உறைந்து ஆறும்போது நீளத்தில் ஒன்றரை விழுக்காடு அளவுக்குச் சுருங்கும். 62 சென்டிமீட்டரில் அது ஒன்பது மில்லிமீட்டர், நமது கணக்கில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. கேட்கப் பெரிதாக இருந்தாலும் விகிதம் கெடாது. அங்குலம் திருமேனியிலிருந்தே பிறந்தது என்பதால் திருமேனி சுருங்கினால் அங்குலமும் கூடவே சுருங்குகிறது. 124 பங்கு 124 பங்காகவே இருக்கும். கருவறை அளவையோ மூலவரின் உயரத்தையோ ஒட்டி இன்ன விரல் என்று உயரம் குறிக்கப்பட்டிருந்தால்தான் மெழுகை முன்கூட்டியே பெரிதாகச் செய்ய வேண்டும். அதை மறந்தால் திருமேனி அழகாகவே இருக்கும், உயரம் மட்டும் குறையும்.

விகிதம் கெடுவது சுருக்கம் சீராக நடக்காத இடத்தில். மெல்லிய கை முதலில் உறைகிறது. தொடைகள் இடுப்பில் சேரும் இடம் கடைசியில் உறைகிறது. கடைசியில் உறையும் இடத்துக்குச் சுருக்கத்தை ஈடுகட்ட வேறெங்கிருந்தோ உலோகம் வர வேண்டும். அங்கே சேரும் வாய்க்கால் மெல்லியதாக இருந்தால் அது முன்னதாக உறைந்து வழியை அடைத்துவிடும். விளைவு, இடுப்புக்கு உள்ளே பஞ்சு போன்ற வெற்றிடம், சில சமயம் பின்புறத்தில் ஒரு குழிவு. ஆகவே தடித்த இடத்துக்குத் தடித்த வாய்க்கால். அது உருவத்துக்குப் பின்னால் உறைய வேண்டும். இன்னொன்று, நீட்டிய காலுக்கும் உடலுக்கும் நடுவே கெட்டியான மண் இருக்கிறது. உலோகம் சுருங்க முயல, மண் விடாமல் தடுக்க, அரைகுறையாக உறைந்த முழங்கையிலோ முழங்காலிலோ கிழிசல் விழும். கரி கலந்த உள்பூச்சு சற்று நொறுங்கிக் கொடுப்பது இங்கே காப்பாற்றுகிறது.

திருவாசியைத் தனியே வார்த்ததன் காரணமும் இதில் இருக்கிறது. உருவமும் திருவாசியும் ஒரே வார்ப்பானால் மெல்லிய வளையம் முன்னதாக உறைந்து, அதில் தொட்டிருக்கும் கைகளும் விரிசடையும் உடலோடு சேர்ந்து சுருங்க வழியில்லாமல் இழுபடும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இன்று அதற்குத் திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை, இருந்தும் நான்கு கையும் தூக்கிய காலும் தம் வீச்சில் தளராமல் நிற்கின்றன. திருவாசியின் தாங்கல் இல்லாமலே நிற்கும்படி அந்த உருவம் அமைந்திருக்கிறது.

குறை கண்டால்

அடுத்தது கருவை உடைப்பது. மண்ணைத் தட்டி எடுத்ததும் குச்சிகளை வெட்டுவதற்கு முன்பே விரல்களையும் முழங்கைகளையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் முழுமையான உறுப்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் ஒலி மழுங்கும். குச்சியை வெட்டிய பிறகு இந்த ஒப்பீடு கடினம். அராவியபின் தெரியும் பளபளப்போ குறைகளை மறைக்கத்தான் உதவும்.

எதைச் சரிசெய்யலாம், எதை மறுபடி உருக்க வேண்டும் என்பதிலும் வார்ப்பவரின் தீர்ப்புக்கு இடமில்லை. உறுப்புகளை அங்கம், உபாங்கம், பிரத்யங்கம் என்று பிரிக்கும் மரபு இங்கே வேலைக்கு வருகிறது. விரல் நுனி விழவில்லை, சுடர் ஒன்று குறைகிறது, அணியில் துளை என்றால் மறுவார்ப்பாக ஒட்டியோ செம்புத் துண்டை அடித்துப் பொருத்தியோ முடிக்கலாம். தலை, உடல் போன்ற முதன்மை உறுப்பில் வெடிப்போ குறையோ என்றால் திருமேனி உலையிலே போக வேண்டியதுதான். மெழுகு உருவமும் கருவும் ஏற்கெனவே அழிந்துவிட்டபடியால், அடுத்த வேலை மறுபடி ஒரு கீற்றை நறுக்கி ஒடியோலை மடிப்பதிலிருந்து தொடங்கும்.